காரம் ஏறுகிறது, எண் ஏறவில்லை

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது தொட்டிக்குள் இரண்டு பொருள்களை அள்ளிப் போடுவார்கள். முதலில் உப்பு, பிறகு சோடா ஆஷ். உப்பு சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளும். சோடா ஆஷ் தொட்டியைக் காரமாக்கி, சாயத்தை நூலிழையோடு வேதிப்பிணைப்பால் பூட்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பும் 20 கிராம் சோடா ஆஷும் என்பது இந்தத் தொழிலில் சாதாரணமான அளவு. பி.எச். 11-ஐ ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் சாயம் பிடிக்காது. கூடினால் சாயம் துணியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிக் கழிவுநீருக்குப் போகும்.

இந்தத் தொட்டி நீரில் பழைய வகைக் கண்ணாடி எலெக்ட்ரோடு ஒன்றை வைத்தால், உண்மையான பி.எச். 11 ஆக இருக்கும்போது மீட்டர் 10.7 என்று காட்டக்கூடும். காஸ்டிக் சோடா சேர்த்து உண்மையான பி.எச்.-ஐ 12-க்கு ஏற்றினாலும் மீட்டர் 11-ஐத் தாண்டாமல் நிற்கும். இத்தனைக்கும் அதே எலெக்ட்ரோடு அன்று காலையில் 4, 7 பஃபர்களில் பழுதில்லாமல் தேறியிருக்கும். மீட்டரும் கெடவில்லை, பஃபரும் கெடவில்லை. கண்ணாடி ஹைட்ரஜன் அயனியோடு சேர்த்துச் சோடியத்தையும் எண்ணத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். இது எப்படி நடக்கிறது என்று புரிய, அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரோடின் நுனியில் இருக்கும் குமிழ், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட கண்ணாடிச் சவ்வு. அதற்குள்ளே பி.எச். மாறாத ஒரு பஃபர் கரைசல், பெரும்பாலும் 7. அதில் சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக்கம்பி ஒன்று மூழ்கியிருக்கும். வெளியே, நாம் அளக்கும் கரைசல். ஒப்பீட்டுக்காக இன்னொரு வெள்ளிக்கம்பி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நின்றபடி, நுண்துளை வழியே அந்தக் கரைசலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்று விற்கும் எலெக்ட்ரோடுகளில் இரண்டும் ஒரே தண்டுக்குள் அடங்கியிருக்கும். மீட்டர் அளப்பது இந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மட்டுமே. பி.எச். என்று திரையில் வருவது அந்த மில்லிவோல்ட்டிலிருந்து கணக்குப் போட்டு எடுத்த எண்.

மெல்லிய கண்ணாடியின் இரு பக்கமும் வெவ்வேறு கரைசல்கள் இருந்தால் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று 1906-இல் ஜெர்மனியில் மாக்ஸ் கிரேமர் கண்டார். 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபரும் சிக்மண்ட் கிளெமென்சீவிச்சும் அந்த மின்னழுத்தம் அமிலத்தின் அளவை ஒழுங்காகப் பின்தொடர்வதைக் காட்டினார்கள். கண்ணாடி வழியே ஹைட்ரஜன் அயனி ஊடுருவிப் போவதால்தான் இது நடக்கிறது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. இன்றும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தை அடையாளமாகச் சேர்த்துச் செய்த சோதனைகளில், ஹைட்ரஜன் சவ்வைக் கடந்து மறுபக்கம் போகவில்லை என்று தெரிந்தது.

நடப்பது வேறு. கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய வலை. அதில் சோடியம் ஆக்சைடைச் சேர்த்து உருக்கும்போது வலையின் சில கண்ணிகள் அறுந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட ஆக்சிஜன் முனைகள் அங்கங்கே தொங்கும். ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் ஒரு சோடியம் அயனி உட்கார்ந்திருக்கும். இந்தக் கண்ணாடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் மேல்தோல் மட்டும் நீரை உறிஞ்சிக் கூழ்போல் ஆகும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கிவிடும் தோல் அது. அந்தத் தோலில் இருந்த சோடியம் கரைசலுக்குள் போய்விட, அந்த இடங்களில் ஹைட்ரஜன் அயனி வந்து உட்காரும். இந்த முனைகளுக்கு ஹைட்ரஜன் மேல் அவ்வளவு பிடிப்பு. காய்ந்துபோன எலெக்ட்ரோடு சரியாக அளக்காததற்கும், அதை ஊறவைத்த பிறகே பயன்படுத்தச் சொல்வதற்கும் காரணம் இந்தத் தோல்தான்.

வெளிக் கரைசலில் ஹைட்ரஜன் அயனியின் செயல்திறன் குறைவாக இருந்தால், தோலில் இருக்கும் ஹைட்ரஜன் சிறிதளவு கரைசலுக்குள் நழுவும். நழுவிய ஒவ்வொன்றும் ஒரு நேர்மின்னூட்டத்தைக் கொண்டுபோவதால் கண்ணாடியின் பக்கம் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். மிஞ்சிய அந்த மின்னூட்டமே மேலும் நழுவப் பார்க்கும் ஹைட்ரஜனைப் பின்னுக்கு இழுக்கும். நழுவும் விருப்பமும் இழுப்பும் சமமாகும் இடத்தில் ஆட்டம் நிற்கும். அப்போது அந்த எல்லையில் இருக்கும் மின்னழுத்தம்தான் நமக்கு வேண்டியது. உள்பக்கத் தோலிலும் இதே சமநிலை உண்டு. ஆனால் உள்ளே பஃபர் மாறாததால் அங்கே மின்னழுத்தமும் மாறாது. மாறுவதெல்லாம் வெளிப்பக்கம் மட்டுமே. இரண்டு தோல்களுக்கும் நடுவில் இருக்கும் காய்ந்த கண்ணாடியில் சோடியம் அயனிகள் பக்கத்து இடத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து மின்தொடர்பை ஏற்படுத்துகின்றன. அதன் மின்தடை பத்துக் கோடி ஓம் போன்ற அளவு. அதனால்தான் சாதாரண வோல்ட்மீட்டரை இதில் மாட்டினால் ஒன்றும் தெரியாது; மின்னோட்டமே எடுக்காமல் அளக்கும் தனிச்சுற்று தேவைப்படுகிறது.

மேலே செறிவு என்று எழுதாமல் செயல்திறன் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கரைசலில் எத்தனை ஹைட்ரஜன் அயனிகள் இருக்கின்றன என்பது கண்ணாடிக்குத் தெரியாது. அவை வினைபுரிய எந்த அளவுக்கு விடுதலையாக இருக்கின்றன என்பதையே அது உணர்கிறது. உப்பு மிகுந்த நீரில் ஒவ்வொரு அயனியையும் எதிர்மின்னூட்டக் கூட்டம் சூழ்ந்திருப்பதால் எண்ணிக்கையும் செயல்திறனும் ஒன்றாக இருப்பதில்லை. லிட்டருக்கு 0.1 மோல் காஸ்டிக் சோடா கரைத்த நீரின் பி.எச். 25 டிகிரியில் சரியாக 13 ஆக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கணக்கு சொல்லும். உண்மையில் அது 12.88-ஐ ஒட்டியே இருக்கும். இந்த வித்தியாசம் எலெக்ட்ரோடின் பிழை ஆகாது. இதைப் பிழையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சமநிலையைக் கணக்காக எழுதினால், செயல்திறன் பத்து மடங்கு மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் ஒரே அளவு மாறும் என்று வரும். பத்து மடங்கு மாற்றம் என்றால் ஒரு பி.எச். அலகு. 25 டிகிரி செல்சியஸில் அந்த அளவு 59.16 மில்லிவோல்ட். இதைத்தான் சாய்வு, மீட்டர் மொழியில் ஸ்லோப், என்கிறோம். கண்ணாடி எந்த நாட்டில் செய்தது, குமிழ் பெரிதா சிறிதா என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. வாயு மாறிலி, பாரடே மாறிலி, வெப்பநிலை ஆகிய மூன்றிலிருந்து மட்டும் வருவது அது. வெப்பநிலை அதில் இருப்பதால் 0 டிகிரியில் 54.2, 60 டிகிரியில் 66.1 என்று மாறும்.

நடைமுறையில் எந்த எலெக்ட்ரோடும் முழு 59.16 தருவதில்லை. ஒரு காலைநேர அளவுதிருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில், 7.00 பஃபரில் மீட்டர் −3 மில்லிவோல்ட் காட்டுகிறது; 4.01 பஃபரில் +170 காட்டுகிறது. வித்தியாசம் 173 மில்லிவோல்ட். அதை 2.99 அலகால் வகுத்தால் அலகுக்கு 57.9. இது 59.16-இல் 97.8 விழுக்காடு, நல்ல எலெக்ட்ரோடு. 95-க்குக் கீழே போனால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். பட்டறையில் பெரும்பாலும் குமிழின் மேல் படிந்த சாயமோ எண்ணெய்ப்பசையோதான் காரணமாக இருக்கும். சுத்தம் செய்தும் தேறாமல் 90-க்குக் கீழே நின்றால் மாற்றிவிடுவதே நல்லது. குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் அதையும் இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்: உள்ளும் புறமும் ஒன்றாகிவிடுவதால் எந்தப் பஃபரில் வைத்தாலும் பூஜ்ய மில்லிவோல்ட்டை ஒட்டியே, அதாவது 7-ஐ ஒட்டியே நிற்கும்.

ஆனால் 4-க்கும் 7-க்கும் இடையில் கிடைத்த 97.8 விழுக்காடு, 11-இல் என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு புள்ளிகளைச் சேர்த்து வரைந்த கோட்டை மீட்டர் தானாகவே நீட்டிக்கொண்டு போகிறது. கண்ணாடி அந்தக் கோட்டிலேயே நடக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

தோலில் இருக்கும் ஆக்சிஜன் முனைகளுக்கு ஹைட்ரஜன் மேல் பிடிப்பு அதிகம் என்றேனே தவிர, சோடியத்தை அவை ஏற்கவே ஏற்காது என்று சொல்லவில்லை. எவ்வளவு ஏற்கும் என்பதை 1937-இல் ரஷ்ய வேதியியலர் நிக்கோல்ஸ்கி ஒரு சமன்பாட்டில் அடக்கினார். 25 டிகிரியில் அது இப்படி வரும்:

```
E = E0 + 59.16 × log(aH + K × aNa)
```

இதில் aH ஹைட்ரஜன் அயனியின் செயல்திறன், aNa சோடியம் அயனியின் செயல்திறன். K என்பது அந்தக் கண்ணாடி சோடியத்துக்குக் கொடுக்கும் மதிப்பு. K என்பது 10⁻¹¹ என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹைட்ரஜன் அயனிக்குத் தரும் இடத்தைப் பத்தாயிரம் கோடி சோடியம் அயனிகள் சேர்ந்து வந்து கேட்டால்தான் கண்ணாடி தரும் என்று பொருள். கேட்பதற்கு அசைக்க முடியாத விசுவாசம்போல் இருக்கிறது. ஆனால் சாயத்தொட்டியைப் பாருங்கள். லிட்டருக்கு 60 கிராம் உப்பில் ஒரு மோலுக்குச் சற்று மேல் சோடியம் இருக்கிறது. 20 கிராம் சோடா ஆஷிலிருந்து இன்னும் 0.38 மோல். மொத்தம் 1.4 மோல். செயல்திறனாகப் பார்த்தால் ஏறக்குறைய 1 என்று கொள்ளலாம். பி.எச். 11-இல் ஹைட்ரஜனின் செயல்திறன் 10⁻¹¹. அதாவது ஹைட்ரஜனைப்போல் சரியாகப் பத்தாயிரம் கோடி மடங்கு சோடியம் அங்கே நிற்கிறது. இரண்டு தரப்பும் சமபலத்துக்கு வந்துவிட்டன.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான பி.எச். 11-இல் அடைப்புக்குறிக்குள் வருவது 10⁻¹¹-உம் இன்னொரு 10⁻¹¹-உம். கூட்டினால் 2 × 10⁻¹¹. மீட்டர் இந்த மொத்தத்தையும் ஹைட்ரஜன் என்றே எடுத்துக்கொண்டு 10.70 என்று காட்டும். பிழை 0.30. காஸ்டிக் சேர்த்து உண்மையான பி.எச்.-ஐ 12 ஆக்கினால் ஹைட்ரஜனின் பங்கு பத்தில் ஒன்றாகக் குறைகிறது, சோடியத்தின் பங்கு குறையவில்லை, கூட்டுத்தொகை 1.1 × 10⁻¹¹, மீட்டர் காட்டுவது 10.96. உண்மையான பி.எச். 13 ஆனாலும் அது 11.00-ஐத் தொட்டுவிட்டு நிற்கும்.

இதையே சாய்வின் கண்ணால் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். இதே கரைசலில் 9-லிருந்து 10-க்குப் போகும்போது மின்னழுத்தம் 57 மில்லிவோல்ட் மாறும். கிட்டத்தட்ட முழுச் சாய்வு. 10-லிருந்து 11-க்கு 44. 11-லிருந்து 12-க்கு வெறும் 15. 12-லிருந்து 13-க்கு 2. உயர் பி.எச்.-இல் வரும் பிழை என்று தனியாக ஒன்று வந்து சேரவில்லை; சாய்வுதான் படிப்படியாகத் தேய்ந்துபோகிறது. தேய்ந்த சாய்வை முழுச் சாய்வு என்று நினைத்து மீட்டர் வகுப்பதால் தவறான எண் வருகிறது. பிழை எப்போதும் ஒரே பக்கம்: உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

நிஜக் கண்ணாடிகளில் இந்த வளைவு சமன்பாடு சொல்வதுபோல் அத்தனை ஒழுங்காக இருக்காது. K-உம் மாறாத எண் அல்ல; சூடு கூடினால் அதுவும் கூடும். 60 டிகிரித் தொட்டியில் பிழை 25 டிகிரியில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் வளைவின் போக்கு இதுதான்.

0.3 என்ற பிழை சிறியதாகத் தோன்றலாம். அது மடக்கை அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. 0.3 அலகு என்றால் ஹைட்ராக்சைடு அயனி இரண்டு மடங்கு. பி.எச். போதவில்லை என்று மீட்டரை நம்பி மேலும் காரம் சேர்ப்பவர், ஏற்கெனவே போதுமான அளவு காரம் உள்ள தொட்டியில் சாயத்தைத் தண்ணீரோடு வினைபுரிய விடுகிறார். நிறம் வெளிறி வந்தால் சாயத்தின் மேல் பழி விழும்.

பழைய எலெக்ட்ரோடுகளில் பெயர்பெற்றது கார்னிங் 015 என்ற கண்ணாடி. சிலிக்கா 72, சோடியம் ஆக்சைடு 22, கால்சியம் ஆக்சைடு 6 பங்கு. எளிதில் உருகும், நல்ல சாய்வு தரும். ஆனால் சோடியம் மிகுந்த கரைசலில் பி.எச். 10-ஐ நெருங்கும்போதே தடுமாறும். இதற்குக் கிடைத்த தீர்வு சோடியத்துக்குப் பதில் லித்தியம். லித்தியம் அயனி சிறியது. அதைச் சுற்றி உறையும் கண்ணாடி வலையில் சோடியத்துக்குத் தோதான இடம் எளிதில் அமைவதில்லை. கூடவே சீசியம், லாந்தனம் போன்ற பருத்த அயனிகளின் ஆக்சைடுகளைச் சேர்த்து வழிகளை மேலும் அடைத்தார்கள். இத்தகைய கண்ணாடியில் K 10⁻¹³ என்று வைத்துக் கணக்குப் போட்டால், நம் தொட்டியில் பி.எச். 11-இல் பிழை 0.004, கவலைப்படத் தேவையில்லை. 12-இல் 0.04. ஆனால் 13-இல் மறுபடியும் அதே 0.30. வேலி இரண்டு அலகு தள்ளிப் போடப்பட்டிருக்கிறதே தவிர, வேலி இல்லாமல் போகவில்லை.

கையில் இருக்கும் எலெக்ட்ரோடு எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. உயர் பி.எச்.-இல் சரிபார்க்க, சுண்ணாம்பைத் தெவிட்டும்வரை கரைத்த கால்சியம் ஹைட்ராக்சைடு பஃபரைப் பயன்படுத்துவார்கள். 25 டிகிரியில் அதன் பி.எச். 12.45. எலெக்ட்ரோடு அதில் சரியாகக் காட்டிவிட்டால் 12 வரை பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பஃபரில் சோடியமே இல்லை. சோடியம் இல்லாத இடத்தில் சோடியம் பிழை எப்படித் தெரியும்? கடையில் கிடைக்கும் 10.01 கார்பனேட் பஃபரில் சோடியம் உண்டு. ஆனால் லிட்டருக்கு 0.075 மோல்தான், பி.எச்.-உம் போதிய அளவு உயரம் இல்லை. அதில் நம் பழைய கண்ணாடியின் பிழை 0.003 மட்டுமே வரும். இரண்டு தேர்விலும் தேறிவிட்டுத் தொட்டியில் தோற்கும் எலெக்ட்ரோடு அது.

நம்பத்தக்க சோதனைக்கு இரண்டு குவளை போதும். ஒன்றில் லிட்டருக்கு 0.1 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, மற்றதில் அதே செறிவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரண்டும் அன்றே கரைத்தவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தைத் தின்றுவிடும். இரண்டின் உண்மையான பி.எச்.-உம் நூறில் சில பங்குக்குள் ஒன்றே. பொட்டாசியம் அயனி பெரியது. கண்ணாடி அதை அவ்வளவாக ஏற்பதில்லை. ஆகவே பொட்டாசியம் குவளையில் 12.9-ஐ ஒட்டிக் காட்டும் எலெக்ட்ரோடு, சோடியம் குவளையில் 12.0 என்று காட்டினால் K 10⁻¹¹-ஐ ஒட்டிய பழைய வகைக் கண்ணாடி என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டிலும் 12.9-ஐ ஒட்டியே நின்றால் நல்ல லித்தியம் கண்ணாடி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மீட்டரில் இருக்கும் வெப்பநிலைத் திருத்தம் இந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. 25 டிகிரியில் 59.16-ஆல் வகுப்பதை 60 டிகிரியில் 66.1-ஆல் வகுக்கும், அவ்வளவே அதன் வேலை. கரைசலின் பி.எச். சூட்டில் தானே மாறுவதையும் அது 25 டிகிரிக்கு மாற்றித் தராது. 60 டிகிரியில் தூய நீரின் நடுநிலையே 6.5-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. காரக் கரைசல்களின் பி.எச். இதைவிட அதிகமாக இறங்கும். எனவே தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அறைவெப்பத்துக்கு ஆறவைத்து அளப்பதே சரி. எலெக்ட்ரோடுக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் சூடான காரம் அதன் தோலைக் கரைத்துவிடும். சாயம் ஏற்றும் குறிப்பில் இருக்கும் பி.எச். ஆறிய மாதிரியைச் சொல்கிறதா சூடான தொட்டியைச் சொல்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புது எலெக்ட்ரோடு வாங்கும்போது எத்தனை பி.எச். வரை என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எவ்வளவு சோடியத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு பிழை என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதற்கு வரைபடமே தருவார்கள். சோடியம் மிகுந்த நீரில் பி.எச். 12-க்கு மேல் போய்விட்டால் எந்தக் கண்ணாடியையும் நம்பி அளவு சேர்க்க வேண்டாம். துணியை மெர்சரைஸ் செய்யும் கெட்டிக் காஸ்டிக்கை ஹைட்ரோமீட்டரால் பாமே டிகிரியில் அளக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒரு பியூரெட்டும் செறிவு தெரிந்த அமிலமும் கொண்டு தரம்பார்த்தால் காரம் எவ்வளவு என்று நேராகவே தெரிந்துவிடும். அதற்குச் சில நிமிடம் போதும்.